பட்டியலில் இல்லாத நாடு

அந்த வெல்டர் தன் சான்றிதழை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருந்தால், அந்தச் சனிக்கிழமை ஃபைலக்காவுக்கு அரைநாள் வேலையோடு முடிந்திருக்கும். மனுஷன் போகவில்லை. வெளிநாட்டில் இரண்டு வருடம் இரும்பை ஒட்ட வைத்துவிட்டு ஊர் திரும்பியவர், இங்கே வந்து வாயை ஒட்ட வைக்கத் தெரியாமல் நின்றார். நல்ல வேளை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் கம்பெனி அது. முதல் மாடியில் மூன்று அறை. லேமினேஷன் மெஷின் சூட்டு வாசனை எப்போதும் இருக்கும். ஃபைலக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பதினோரு வருடத்தில் அந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். பாஸ்போர்ட், விசா, மெடிக்கல், எல்லாம் அவள் கையில். நாட்டுக்கு ஒரு நிறத்தில் ஃபைல். கிளம்புகிறவர்களுக்கு ஒவ்வொரு செவ்வாயும் அவள்தான் வகுப்பெடுப்பாள். எந்த மருந்தைக் கொண்டு போகக்கூடாது, எதைப் போட்டோ எடுக்கக்கூடாது, பாஸ்போர்ட்டை யாரிடம் கொடுக்கக்கூடாது என்று பதினான்கு கூடாதுகள். அதை ஒரு தாளில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்து, இன்னொரு பிரதியில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வாள்.

"என் ரூம்ல இருந்தானே எலெக்ட்ரீஷியன், நம்ம கம்பெனி மூலமா வந்த பையன், அவனை அனுப்பிட்டாங்கக்கா, தெரியுமா?" என்றார் வெல்டர், சான்றிதழை மடிக்கலாமா கூடாதா என்று யோசித்தபடி.

"மடிக்காதீங்க. எதுக்கு அனுப்பினாங்க?"

"போன்ல ஃபுட்பால் பெட் கட்டியிருக்கான்."

"ஏதாவது திருட்டு சைட்டா இருக்கும். அதுல எல்லாம் போனா அப்படித்தான்."

"திருட்டும் இல்ல, புரட்டும் இல்ல. இங்க பஸ் ஸ்டாப்புல எல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கே, அதே கம்பெனி. லைசென்ஸ் இருக்கு, லைசென்ஸ் இருக்குன்னு அவனும்தான் தொண்டை கிழியக் கத்தினான். யார் கொடுத்த லைசென்ஸ்னு கேட்டாங்க. எங்க ஊர்ல கொடுத்ததுன்னான். அப்ப உங்க ஊர்ல போய் ஆடியிருக்கணும்னு சொல்லிட்டாங்க. சம்பளக் கார்டுல இருந்து காசு போயிருக்கு, அதுலதான் மாட்டினான். பத்தொன்பது நாள் உள்ள. அப்புறம் அபராதம். அப்புறம் பிளைட்டு. இனிமே அந்த நாட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்க முடியாது."

வெல்டர் போய்விட்டார். ஃபைலக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பச்சை ஃபைல் நாடு. செவ்வாய்க்கிழமை வகுப்பு. நாலாவது வரிசை. புள்ளிவிவரம்.



புள்ளிவிவரம் என்பது லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு அந்த வகுப்பு வைத்த பெயர். நாற்பத்திரண்டு வயது. பதினான்கு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, இனி எதுவும் கிடைக்காது என்று மனசு விட்டுப்போன நேரத்தில் இந்த வேலை அமைந்தது. அதே பச்சை ஃபைல் நாட்டில் இரண்டு வருட ஒப்பந்தம். சந்தேகம் கேட்கச் சொன்னால் மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் கை தூக்குவார். எந்த டீம் எத்தனை கோல், எந்த ஆட்டக்காரன் எந்தக் காலால் உதைப்பான் என்று டீ இடைவேளையில் ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். அந்த மனிதர்தான் செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று கேட்டார்:

"மேடம், நான் சனிக்கிழமையானா சின்னதா, ஒரு சினிமா டிக்கட் காசுக்கு, பெட் கட்டுவேன். லைசென்ஸ் உள்ள ஆப்தான். அங்க போயும் ஆடலாமா? சட்டப்படி சரியா?"

வகுப்பே சிரித்தது. ஃபைலக்காவும் சிரித்தாள். ஆனால் கேள்வி என்று வந்தால் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவள். அங்கேயே போனை எடுத்து அந்தத் தளத்தைத் திறந்தாள். அடியில் லைசென்ஸ் எண் இருந்தது. விதிமுறைகளுக்குள் போனாள். 'பின்வரும் நாடுகளிலிருந்து விளையாட இயலாது' என்று ஒரு பட்டியல். முப்பத்தொரு நாடு. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பச்சை ஃபைல் நாடு அதில் இல்லை.

"உங்க நாடு இதுல இல்லையே. தாராளமா விளையாடுங்க. அளவா விளையாடுங்க" என்றாள்.

வகுப்பு முடிந்ததும் அவர் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்த விஷயம் வீட்டுல தெரியாது மேடம். நீங்க எதுவும்..."

"நான் ஏங்க சொல்லப்போறேன்?"

இதுதான் நடந்தது. இன்று சனிக்கிழமை. காலை ஏழு மணி விமானத்தில் புள்ளிவிவரம் கிளம்பிப் போயாகிவிட்டது. கையைக் காட்டிவிட்டுப் போகும் படம்கூட ஆபீஸ் குரூப்பில் வந்திருந்தது. அவளும் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாள்.

முதலில் போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 'உடனே கூப்பிடுங்க. பெட் கட்டாதீங்க' என்று செய்தி அனுப்பினாள். ஒரு டிக். இன்னொரு தடவை அனுப்பினாள். அதற்கும் ஒரு டிக். டிக்கட்டில் பார்த்தாள். பத்தரைக்கு நடுவழி நாட்டில் இறங்குகிறார். ஒன்றே காலுக்கு அங்கிருந்து அடுத்த விமானம். நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்வார். ஆட்டம் ஆறு மணிக்கு. எல்லாம் நம் நேரத்தில். சனிக்கிழமை ஆட்டத்தைப் புள்ளிவிவரம் விட்டுவிடுவாரா? தாலி கட்டிய அன்றைக்கே ஸ்கோர் கேட்டிருப்பார் அந்த மனிதர்!

வக்கீலைக் கூப்பிட்டாள். கம்பெனிக்கு ஒப்பந்தங்கள் பார்த்துக் கொடுக்கும் அம்மா. வாய் சுருக்கம், பீஸ் நீளம். பின்னால் குழந்தைகள் நீச்சல் குளத்தில் கத்துவது கேட்டது.

"லைசென்ஸ் உள்ள ஆப்தான் மேடம். அவங்க தடை பண்ணின நாடுங்க லிஸ்டுல அந்த நாடு இல்ல. அப்ப சரிதானே?" சரிதான் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கியது அவளுக்கு.

"அந்த லிஸ்டு யார் போட்டது?"

"ஆப்காரங்க."

"அவங்க எங்க வியாபாரம் பண்ணலன்னு சொல்ற லிஸ்டும்மா அது. எங்கெல்லாம் சட்டம் அனுமதிக்குதுன்னு சொல்ற லிஸ்டு இல்ல. அதுக்குக் கீழயே எழுதியிருப்பான் பாரு, உங்க இடத்துச் சட்டத்தைத் தெரிஞ்சுக்கிறது உங்க பொறுப்புன்னு."

ஃபைலக்கா மறு கையால் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பட்டியலுக்குக் கீழே, மூன்று வரி தள்ளி, பொடி எழுத்தில், வக்கீல் சொன்ன வாக்கியம் அச்சு அசலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் விரல் முப்பத்தொன்றாவது நாட்டோடு நின்றுவிட்டது.

"ஆள் எந்த மண்ணுல உட்கார்ந்து பெட் கட்டுறான்? அதைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார் வக்கீல். "உன் வீட்டுச் சாவி உன் வீட்டுப் பூட்டைத்தான் திறக்கும். இங்க கொடுத்த லைசென்ஸ் இங்கதான். சில நாட்டுல நம்ம மாதிரி லைசென்ஸ் கொடுப்பாங்க. சில நாட்டுல அரசாங்கமே ஒரு கடை வச்சிருக்கும், அதுல மட்டும்தான் ஆடலாம். சில நாட்டுல நடத்துறவனைப் பிடிப்பாங்க, ஆடுறவனைக் கண்டுக்க மாட்டாங்க. சில நாட்டுல ரெண்டு பேரையும் பிடிப்பாங்க. ஒரே நாட்டுக்குள்ளயே மாகாணத்துக்கு ஒரு சட்டம்னும் உண்டு. இன்னும் சில நாட்டுல சொந்தக் குடிமகன் வெளியூர் போய் ஆடினாக்கூட வீடு திரும்பினதும் கேஸ் போடலாம். மாத்திக்கிட்டும் இருப்பாங்க. போன வருஷம் பாத்தது இந்த வருஷத்துக்கு ஆகாது."

"பச்சை... அந்த நாட்டுல எப்படி மேடம்?"

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. வக்கீல் பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்றார். அந்தப் பத்து நிமிடம் ஃபைலக்கா ரப்பர் பேண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துவிட்டு மறுபடியும் ஒன்றாகக் கொட்டினாள்.

"பாத்துட்டேன். ஆடுறவனுக்கே தண்டனை. எந்த ஊர் சைட்டா இருந்தாலும் சரி, அங்க இருந்து ஆடினா அபராதம், இல்ல ஜெயில், இல்ல ரெண்டும். வெளிநாட்டு ஆள்னா வேலை அனுமதியும் போகலாம். நடுவுல இறங்குற நாட்டுலயும் தனியார் சைட் எதுவும் ஆகாது, அரசாங்கக் கடை மட்டும்தான். அந்த ஆளை ஆப்பைத் திறக்கவே வேண்டாம்னு சொல்லு. உள்ள காசு கிடந்தா கிடக்கட்டும், ஊருக்கு வந்து எடுத்துக்கலாம். இனிமே கிளம்புறவங்களை இங்கயே கணக்கை மூடிட்டுப் போகச் சொல்லு."

மணி பதினொன்றே கால். டிக் இன்னும் ஒன்றுதான். விமான நிலையத்தில் இறங்கியிருப்பார். இலவச வைஃபை பிடிக்கத் தெரியவில்லையா, பிடித்து ஆப்பைத்தான் முதலில் திறந்தாரா? எழுந்து போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

மேனேஜர் நல்லவர்தான். காலண்டர் கேட்டால் இரண்டு கொடுப்பார். ஆனால் சிக்கல் என்று வந்தால் அவருக்கு உடனே வேர்த்துக் கொட்டிவிடும். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, முதலில் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ எழுத்துல ஏதாவது கொடுத்தியா?"

"இல்ல சார். வாயில சொன்னேன்."

"அப்பச் சரி. ஷீட்டுல கையெழுத்துப் போட்டிருக்கான்ல? அந்த நாட்டுச் சட்டத்தை மதிச்சு நடப்பேன்னு கடைசி வரி இருக்கு. முடிஞ்சு போச்சு. நீ பாட்டுக்குத் துரத்தித் துரத்திப் போன் பண்ணினா, நாமதான் தப்பாச் சொன்னோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும்."

"நாமதானே சார் தப்பாச் சொன்னோம்?"

"நாம இல்ல. நீ."

அந்த வார்த்தை சுருக்கென்று குத்தியது. ஆனால் ஒரு விதத்தில் நல்லதாகவும் போயிற்று. நான்தானே? அப்படியானால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அரைநாள் லீவு சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அன்றைக்கே அரைநாள்தான் வேலை என்பது படியில் கால் வைத்த பிறகுதான் நினைவு வந்தது.

விண்ணப்பத்தில் 'அவசரத் தொடர்பு' என்ற கட்டத்தில் மனைவி பெயரும் போன் எண்ணும் ஒரு பியூட்டி பார்லர் முகவரியும் இருந்தன. அந்த எண்ணுக்கும் அடித்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. டாக்ஸியில் போகும்போது என்ன சொல்வது என்று யோசித்தாள். வீட்டில் தெரியாது என்றாரே! சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. 'சும்மா நலம் விசாரிக்க வந்தேன், அவர் கூப்பிட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்' என்று ஒரு பேச்சைத் தயார் செய்தாள். சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அதே ஆப்பின் விளம்பரம். ஒரு ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "சிரிடா, சிரி" என்று முணுமுணுத்தாள். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வண்டியை எடுத்தார்.

பார்லரில் ஒரே நாற்காலி. ஒரு பெரியம்மா தலை முழுக்கச் சாயம் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புள்ளிவிவரத்தின் மனைவி கையுறையோடு பிரஷ்ஷைப் பிடித்திருந்தாள். போன் ஹேர் டிரையர் பக்கத்தில் கிடந்தது; அதன் சத்தத்தில் மணி எங்கே கேட்கும்? ஆபீஸில் ஒருமுறை பார்த்திருந்ததால் ஃபைலக்காவை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆபீஸ் ஆள் நேரில் வந்தால் எந்த மனைவிக்குத்தான் நல்ல எண்ணம் வரும்?

"என்னக்கா? பிளைட்டுக்கு எதாச்சும் ஆச்சா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சும்மா..." தயார் செய்து வைத்திருந்த பேச்சு அந்த முகத்தின் முன்னால் நிற்கவில்லை. மணி பன்னிரண்டு. "அவர் உன்னைக் கூப்பிட்டாரா? எதுல கூப்பிடுவாரு?"

"இறங்கினதும் கூப்பிடுறேன்னாரு. இன்னும் காணோம். என்னக்கா, சொல்லுங்க, எனக்குப் படபடன்னு வருது."

ஃபைலக்கா சொல்லிவிட்டாள். வாக்காவது ஒன்றாவது! செவ்வாய்க்கிழமை அவர் கேட்டது, தான் சொன்னது, தான் சொன்னது தப்பு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். சாயம் பூசிய பெரியம்மா கண்ணாடி வழியாக வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள். "பெட்டா? எங்க வீட்டு மனுஷனா? எவ்வளவு நாளா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. சின்னத் தொகைதான்னாரு. ஒரு சினிமா டிக்கட் காசு."

"வாரா வாரமா? அந்தக் காசுக்கு என்னைச் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? கூப்பிட்டா தலைவலின்னுவாரு!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது கோபமா பயமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "பதினாலு மாசம்க்கா. பதினாலு மாசம் நான் ஒருத்தி தலை தலையா வாரித்தான் வீடு ஓடிச்சு. இப்பத்தான் சாமி கண்ணைத் திறந்திருக்கு. இந்த வேலையும் போச்சுன்னா அந்த மனுஷன் எழுந்திரிக்கவே மாட்டாரு. நாப்பது வயசுக்கு மேல யாரு கூப்பிடுவாங்கக்கா?"

"போன் பண்ணும்மா. விடாம பண்ணு."

பண்ணினாள். போகவில்லை. மறுபடி பண்ணினாள். பெரியம்மா மெதுவாக, "சாயம் நேரமாகுதும்மா, முடி கருகிடப்போகுது" என்றார். "ரெண்டு நிமிஷம்" என்று ஒரு கையால் ஷவரைப் பிடித்துக்கொண்டு தலையை அலசினாள் அந்தப் பெண், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி. ஃபைலக்கா வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே நடந்தாள். ஆறு எட்டுதான் இடம். பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு இருபத்தெட்டு. ஒன்றே காலுக்கு விமானம் என்றால் ஒரு மணிக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவார். அப்புறம் போய் இறங்கியதும் புது சிம். பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வாங்குவார். அவர் பெயரிலேயே பதிவாகும் சிம்மில், அவர் பெயரிலேயே பெட். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி!

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மனைவியின் போன் அலறியது. வீடியோ. அவர் முகம் பாதி, விமான நிலையக் கூரை பாதி.

"ஹலோ! கேக்குதா? இங்க வைஃபை ஒரு பாடாப் படுத்துதும்மா..."

"ஏங்க, பெட் கட்டினீங்களா?" என்றாள் மனைவி. வேறு எதுவும் கேட்கவில்லை.

திரையில் முகம் உறைந்துவிட்டது. நெட் உறைந்ததா மனிதர் உறைந்தாரா தெரியவில்லை. ஃபைலக்கா தலையை உள்ளே நீட்டினாள்.

"மேடம்? நீங்க எப்படி அங்க? அங்க சொல்ல மாட்டேன்னு..."

"அதையெல்லாம் அப்புறம் திட்டுங்க. கட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மேடம். ஆப் திறக்க மாட்டேங்குது. இந்த ஊர்ல தடையாம். பக்கத்துல ஒரு தம்பி வி.பி.என்.னு ஒண்ணு போட்டா திறக்கும்னு சொல்லிச்சு. அதைத்தான் இறக்கிட்டிருக்கேன், தொண்ணூறு சதவீதம் ஆச்சு. அங்க போயும் இது உதவுமாம்."

"அதை முதல்ல நிறுத்துங்க!" ஃபைலக்கா போட்ட கத்தலில் பெரியம்மா தலையைக் குளுமையான தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார். "நிறுத்தியாச்சா? காட்டுங்க. ஊர் தடை பண்ணியிருக்குன்னா அது ரிப்பேர் இல்லங்க, சட்டம். நீங்க இறங்கப்போற ஊர்ல இன்னும் மோசம். ஆடுறவங்களையே பிடிப்பாங்க. நம்ம லைசென்ஸ் அங்க செல்லாது. நான் சொன்னது தப்பு. கேக்குதா? நான் சொன்னது தப்பு."

"தப்பா?" அவர் குழம்பிப்போனார். "நீங்க பாத்துத்தானே மேடம் சொன்னீங்க? லிஸ்டுல இல்லன்னு?"

"தப்பான லிஸ்டைப் பாத்தேன்."

பின்னால் ஏதோ விமானத்துக்கு அழைப்பு வந்தது. பிறகு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்:

"நீங்க சொன்னதை ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன் மேடம். யாராச்சும் போலீஸ் கேட்டா காட்டலாம்னு. விசாரிச்சுட்டுத்தான் சார் ஆடுறேன்னு சொல்றதுக்கு."

அதோடு நிற்கவில்லை, நம்பமாட்டார்களோ என்று அதை ஓடவிட்டும் காட்டினார். பார்லர் முழுக்க ஃபைலக்காவின் குரல் கேட்டது. வகுப்பின் சிரிப்பு, நாற்காலி இழுபடும் சத்தம், அதற்கு மேல் அவள் குரல், அவ்வளவு தெளிவாக, அவ்வளவு உற்சாகமாக: "உங்க நாடு இதுல இல்லையே. தாராளமா விளையாடுங்க. அளவா விளையாடுங்க."

அவளுக்கு உடம்பு கூசிப்போயிற்று. அந்நிய ஊர் போலீஸ்காரன் ஒருவன் மேஜைமேல், மொழி தெரியாத அறையில், இந்த மனிதர் இந்தக் குரலை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டு நிற்பது கண்முன் வந்தது.

"அது உங்களைக் காப்பாத்தாதுங்க" என்றாள். "ஆப்பை எடுத்துடுங்க. உள்ள இருக்கிற காசு இருக்கட்டும், வந்து எடுத்துக்கலாம்னு வக்கீல் சொல்லிட்டாங்க. அந்த ஊர் மண்ணை மிதிக்கிறப்ப அந்த ஆப் போன்ல இருக்கக்கூடாது."

"எடுங்க. நான் பாக்கணும்" என்றாள் மனைவி. "வீட்டுக் கணக்கை அப்புறம் வச்சுக்கறேன்."

எடுத்தார். எடுத்துவிட்டுப் போன் திரையை விமான நிலையக் கண்ணாடிச் சுவர் பக்கம் பிடித்து, அதில் விழுந்த பிம்பத்தைக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். பெரியம்மாவும்தான். "இன்னிக்கு மூணு கோல் உறுதி மேடம், எழுதி வச்சுக்குங்க" என்றார் புள்ளிவிவரம், வாய் அடங்காமல். மனைவி போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமாக அழுதாள். ஃபைலக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிச்சுக்கோம்மா என்று இரண்டு தடவை சொன்னாள்.

வீட்டுக்குப் போகலாம்தான். கால் ஆபீஸுக்கே போயிற்று. மேனேஜர் கிளம்பிவிட்டிருந்தார். பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, பச்சை ஃபைலை எடுத்துப் பிரித்தாள். இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போலவே இருந்தது. கேட்ட ஒரு ஆளுக்குத் தப்பான பதில் சொன்னாள், அதைச் சரிசெய்தாயிற்று. அந்த எலெக்ட்ரீஷியனுக்கு என்ன சொன்னாள்?

பழைய தாள்களைப் புரட்டினாள். ஒன்றே முக்கால் வருடத்துக்கு முந்தைய வகுப்பு. எலெக்ட்ரீஷியனின் கையெழுத்து, பொடியாக, கோட்டுக்குள் அடங்கி இருந்தது. அவனும் கேட்டானா? தானும் சிரித்துவிட்டுத் 'தாராளமா' என்றாளா? எவ்வளவு யோசித்தும் முகம் நினைவு வரவில்லை. வாரத்துக்கு இருபது முகம், எதை வைத்துக்கொள்வது? எண்ணைப் பார்த்து அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"ஃபைலக்காவா? வேலை ஏதாச்சும் இருக்காக்கா?" என்றான்.

"இப்ப இல்லப்பா. உன் விஷயம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், மறைக்காமச் சொல்லு. பெட் கட்டலாமான்னு நீ என்கிட்டக் கேட்டியா? நான் கட்டலாம்னு சொன்னேனா?"

"ஐயோ, இல்லக்கா. நான் கேக்கவே இல்ல."

ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனால் அவன் பேசி முடிக்கவில்லை.

"கேக்கணும்னே தோணலக்கா. நீங்க ஷீட்டு கொடுத்தீங்கள்ல, பதினாலு கூடாதுன்னு? அதை அங்க ரூம்ல கட்டிலுக்கு மேல ஒட்டி வச்சிருந்தேன். பெட் கட்டுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி முழுசாப் படிச்சுப் பாத்தேன். அதுல இல்ல. நீங்க எல்லாத்தையும் போட்டிருப்பீங்க, அதுல இல்லன்னா சரின்னுதான் அர்த்தம்னு நெனச்சுக்கிட்டேன்."

ஃபைலக்கா கையில் இருந்த தாளைப் பார்த்தாள். மருந்து, போட்டோ, பாஸ்போர்ட், பதினான்கு வரி. பதினான்காவதுக்கும் அடியில் இருந்த உறுதிமொழி வரிக்கும் நடுவே நாலு விரற்கடை வெள்ளைக் காகிதம்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்ப்பா" என்றாள். "தப்பு உன்னுது இல்ல. திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா. வேற நாடு ஏதாவது பாப்போம். அந்தச் சட்டத்தையும் முதல்ல பாத்துட்டு."

பேசி முடித்ததும் பேனாவை எடுத்து, அந்த வெள்ளை இடத்தில் பதினைந்தாவது கூடாதை எழுதினாள். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பச்சை ஃபைலில் எண்ணினாள். அறுபத்து மூன்று. ஆறு மணி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. முதல் எண்ணை அடித்தாள்.